சீசரின் ஒரே வாக்கியத்தில் மூன்று எச்சங்கள்: அப்லேட்டிவ் அப்சொல்யூட்டைத் தமிழில் எப்படிப் பிரிப்பது?

நிலவொளி:

அனைவருக்கும் வணக்கம். நான் வரலாறு முதுகலை மாணவி. நாங்கள் நால்வர் சேர்ந்து, சீசர் எழுதிய கல்லியப் போர்க் குறிப்புகளின் முதல் நூலை லத்தீனில் படித்து, பத்தி பத்தியாகத் தமிழாக்கி வருகிறோம். இருபத்து நான்கு இயல்கள் ஒருவாறு முடிந்துவிட்டன. இருபத்தைந்தாம் இயலில், கி.மு. 58இல் பிப்ராக்தே அருகே ஹெல்வேத்தியருடன் நடந்த போரின் தொடக்கத்தில், முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டோம். லத்தீனைத் தமிழ் எழுத்தில், குறில் நெடில் பார்த்துத் தருகிறேன்:

கைசர் ப்ரீமும் சுவோ, தெயிந்தெ ஒம்னியும் எக்ஸ் கோன்ஸ்பெக்தூ ரெமோதீஸ் எக்வீஸ், உத் ஐக்வாதோ ஒம்னியும் பெரீகுலோ ஸ்பெம் ஃபுகை தொல்லெரெத், கொஹொர்தாதுஸ் சுவோஸ் ப்ரொய்லியும் கொம்மீசித்.

என் முதல் வரைவு இது: "சீசர், முதலில் தம் பார்வையிலிருந்தும் பின்னர் அனைவரின் பார்வையிலிருந்தும் குதிரைகள் அகற்றப்பட்ட பின்னர், அனைவரின் ஆபத்தும் சமப்படுத்தப்பட்ட பின்னர் தப்பியோடும் நம்பிக்கையை நீக்கும் பொருட்டு, தம் வீரர்கள் ஊக்கப்படுத்தப்பட்ட பின்னர் போரைத் தொடங்கினார்."

பிழை இருப்பது தெரிகிறது, இருக்கும் இடம் தெரியவில்லை. மூன்று முறை "-ப்பட்ட பின்னர்" வருவதைப் படிக்கும்போது, சீசர் ஓரமாக நிற்க யாரோ எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போனது போல இருக்கிறது. லத்தீனில் இருப்பது செயப்பாட்டு எச்சம் என்று பாடநூல் சொல்வதால் அதை மாற்றவும் அச்சமாக உள்ளது.

கூடல்வாணன்:

இதில் குழம்ப எதுவும் இல்லை, தங்கையே. பெயரும் பார்ட்டிசிப்பிளும் அப்லேட்டிவ் வேற்றுமையில் சேர்ந்து வந்தாலே அது அப்லேட்டிவ் அப்சொல்யூட். எல்லாவற்றையும் "செய்து" என்று மாற்றிவிடுங்கள்: குதிரைகளை அகற்றி, ஆபத்தைச் சமமாக்கி. நான் ஐந்தாறு ஆண்டுகளாக இப்படித்தான் படிக்கிறேன், பெரும்பாலும் பொருந்துகிறது. கொஹொர்தாதுஸ் மட்டும் வேறு. அது எழுவாய் வேற்றுமையில், சீசரோடு ஒட்டி நிற்பதால் "ஊக்கப்படுத்தப்பட்ட சீசர்" என்றுதான் வர வேண்டும். படைத்தலைவர்கள் அவரை ஊக்கப்படுத்தியிருக்கலாம்.

பழஞ்சுவடி:

குருமடம் ஒன்றில் பல ஆண்டுகள் லத்தீன் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கூடல்வாணன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி ஏன் சரி என்பது தெரிந்தால்தான் மற்றப் பாதியில் வழுக்காமல் இருக்கலாம்.

முதலில் கொஹொர்தாதுஸ். அது டெபோனென்ட் வகை வினை, அதாவது வடிவம் செயப்பாட்டு வினையாகவும் பொருள் செய்வினையாகவும் இருப்பது. அதற்குப் பின்னால் சுவோஸ் என்று செயப்படுபொருள் வேற்றுமையில் ஒரு சொல் நிற்பதே சான்று. "ஊக்கப்படுத்தப்பட்ட சீசர்" என்று கொண்டால் சுவோஸ் என்ற சொல்லுக்கு வாக்கியத்தில் இடமே இல்லாமல் போய்விடும். ஆகவே "தம் வீரர்களை ஊக்குவித்து" என்பதே பொருள்.

இனி நிலவொளியின் அச்சத்துக்கு வருகிறேன். லத்தீனில் சாதாரண வினைகளுக்கு "அகற்றி" என்று செய்வினையில் இறந்தகால எச்சம் கிடையாது. "அகற்றப்பட்ட" என்ற வடிவம் ஒன்றுதான் உண்டு. டெபோனென்ட் வினை வாய்த்த இடத்தில் சீசர் மகிழ்ச்சியாகக் கொஹொர்தாதுஸ் என்று தம்மோடு சேர்த்து எழுதிவிட்டார். அகற்றுதல் என்ற வினைக்கு அந்த வசதி இல்லாததால், குதிரைகளையும் அகற்றப்பட்டதையும் சேர்த்துக் கட்டி, முதன்மை வாக்கியத்தோடு ஒட்டாமல் அப்லேட்டிவில் தனியே வைத்தார். செய்தவர் யார் என்ற செய்தி இலக்கணத்தில் விழுந்துவிட்டதே ஒழிய, கருத்திலிருந்து விழவில்லை. தமிழுக்கு அந்தக் குறை கிடையாது. "அகற்றி" என்று நாம் எழுத முடியும். லத்தீன் வேறு வழியின்றி எடுத்துக்கொண்ட செயப்பாட்டு வடிவத்தை, வழி இருக்கிற மொழியில் நாம் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சுவோ என்பதை நீங்கள் கோன்ஸ்பெக்தூவோடு சேர்த்து "தம் பார்வையிலிருந்து" என்று படித்துவிட்டீர்கள். அது ஒருமை, அங்கே எக்வோ, அதாவது குதிரை, தொக்கி நிற்கிறது. முதலில் தம் குதிரையை, பின்னர் எல்லாருடைய குதிரைகளையும் என்பதே பொருள். அடுத்த தொடரைப் பார்த்தால் உறுதியாகும். தலைவர் தம் குதிரையை முதலில் விட்டுக்கொடுத்தால்தானே ஆபத்து எல்லார்க்கும் சமமாகும்?

நிலவொளி:

மிக்க நன்றி ஐயா. சுவோ என்ற சொல்லில் நாங்கள் நால்வரும் ஒரே பிழையைச் செய்திருக்கிறோம். ஆனால் ஓர் ஐயம். கூடல்வாணன் அண்ணன் சொன்னது போல எல்லாவற்றையும் "செய்து" ஆக்கினால் என்ன தவறு? அடுத்த வரிகளில் முயன்றேன்:

மீலிதேஸ் லொகோ சுபெரியோரெ பீலீஸ் மிஸ்ஸீஸ் ஃபகிலெ ஹொஸ்தியும் ஃபலங்கெம் பெர்ஃப்ரேகேருந்த். எயா திஸ்யெக்தா க்லதியீஸ் தேஸ்த்ரிக்தீஸ் இன் எயோஸ் இம்பெதும் ஃபேகேருந்த்.

"வீரர்கள் மேட்டிலிருந்து ஈட்டிகளை எறிந்து, பகைவரின் நெருங்கிய அணியை எளிதாகப் பிளந்தனர். அதைச் சிதறடித்து, வாள்களை உருவி, அவர்கள் மீது பாய்ந்தனர்." நன்றாகத்தானே வருகிறது?

எச்சவியல்:

இந்த இடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவனாகிய நான் குறுக்கிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கு லத்தீன் தெரியாது. நீங்கள் தமிழ் எழுத்தில் தந்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

"செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும். செய்து, செய்யூ, செய்பு ஆகிய மூன்றையும் பற்றித் தொல்காப்பியம் வினையியலில் சொல்வது இதுவே. "செய" என்னும் எச்சத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. "மழை பெய்யக் குளம் நிறைந்தது" என்று பள்ளியில் படித்திருப்போம். பெய்தது மழை, நிறைந்தது குளம். ஆகவே அப்லேட்டிவ் அப்சொல்யூட் என்னும் ஒவ்வொரு தனித்தொடரிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதைச் செய்தவரும் முதன்மை வினையைச் செய்தவரும் ஒருவரா என்பதுதான். ஒருவர் என்றால் "செய்து". வேறு என்றால் "செய", "செய்ததும்", "செய்ததால்" என்பன போன்றவை. ஈட்டி எறிந்தவரும் அணியைப் பிளந்தவரும் அதே வீரர்கள் என்பதால் நிலவொளியின் மொழிபெயர்ப்பு அங்கே பொருந்தியது. செய்தவர் வேறாகும் இடத்தில் கூடல்வாணனின் விதி உடனே முறியும்.

பழஞ்சுவடி:

எச்சவியல் அவர்களே, நான் வகுப்பில் அரைமணி நேரம் எடுத்துச் சொல்வதை நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள். விதி முறியும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அதே நூலின் மூன்றாம் பகுதியில் கல்பா என்ற தளபதி தம் படைப்பிரிவை மலைநாட்டிலிருந்து பாதுகாப்பாக வெளியே கொண்டுவருகிறார். அங்கே வருவது: நூல்லோ ஹொஸ்தெ ப்ரொஹிபெந்தெ. இங்கே எச்சம் நிகழ்காலத்தது, பொருளும் செய்வினை, அதைச் செய்ய வேண்டியவர் பகைவர். படையை நடத்தியவரோ கல்பா. "எந்தப் பகைவரையும் தடுத்து" என்று "செய்து" போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். என் மாணவர் ஒருவர் அப்படியே எழுதியிருக்கிறார். "பகைவர் எவரும் தடுக்காததால்" அல்லது "தடுப்பார் இன்றி" என்பதே சரி. லத்தீன் "இல்லாத பகைவர் தடுக்க" என்று எதிர்மறையைப் பெயரில் வைக்கிறது. தமிழ் அதை வினைக்கு மாற்றிக்கொள்கிறது.

அருள்மலர்:

வணக்கம். என் ஐயமும் இதே போன்றதுதான், ஆனால் வழிபாட்டு லத்தீனிலிருந்து. எங்கள் தாத்தா பழைய பூசை நூல் ஒன்று வைத்திருந்தார். அதில் அப்பத்தைக் கையில் எடுக்கும் இடத்தில் "எத் எலெவாதிஸ் ஓகுலிஸ் இன் சேலும்" என்று வரும். அப்லேட்டிவ் என்பது நீங்கல் வேற்றுமை என்று படித்ததால், "கண்களிலிருந்து வானத்துக்கு உயர்த்தப்பட்டு" என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்களிலிருந்து உயர்த்தப்பட்டது அப்பமா? இந்த இழையில் கேட்பது பொருந்தாவிட்டால் மன்னிக்கவும்.

பழஞ்சுவடி:

முழுவதும் பொருந்தும், அம்மா. அப்லேட்டிவ் என்ற பெயரே நீக்குதல் என்ற பொருளிலிருந்து வந்ததால் பலரும் இங்கே இடறுகிறார்கள். தனித்தொடரில் அந்த வேற்றுமை "இலிருந்து" என்றோ "ஆல்" என்றோ எதையும் சொல்வதில்லை. "இந்தப் பெயரும் இந்த எச்சமும் ஒரு தனிக் கூறு" என்று வேலி போடுவதே அதன் வேலை. உயர்த்தப்பட்டவை கண்களே. உயர்த்தியவரும் அப்பத்தை எடுத்தவரும் ஒருவர். ஆகவே தமிழில் அது இரண்டாம் வேற்றுமைக்கு வந்துவிடும்: "கண்களை வானோக்கி உயர்த்தி". "தம்" என்று லத்தீனில் இல்லை, தமிழிலும் வேண்டியதில்லை. நீங்கள் எழுதியது திருச்சபை ஒலிப்பு. நிலவொளி எழுதுவது பண்டைய ஒலிப்பு. சேலும், கைலும் இரண்டும் ஒரே சொல்தான்.

கூடல்வாணன்:

வினைமுதல் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு இன்னும் சிக்கல். எயா திஸ்யெக்தா என்பதை அச்சுப் புத்தகத்தில் பார்த்தபோது, "சிதறிய அவை" என்று அஃறிணைப் பன்மை எழுவாயாகவே படித்தேன். பிறகு ஃபேகேருந்த் வந்ததும் "அவை பாய்ந்தன" என்று எழுதிவிட்டேன். அது தனித்தொடர் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

நிலவொளி:

இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன் அண்ணா. லத்தீன் அச்சு நூல்களில் பெரும்பாலும் நெடில் குறி இருக்காது. எழுவாயில் குறில் அ, அப்லேட்டிவில் நெடில் ஆ. இரண்டும் ஒரே எழுத்தாகவே அச்சாகும். அகராதியில் நெடிலைச் சரிபார்த்துத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டால், "எய திஸ்யெக்த" வேறு, "எயா திஸ்யெக்தா" வேறு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நம் எழுத்தில் இது இயல்பாகவே வரும் என்பதால் என் குறிப்பேடு முழுவதும் இப்படித்தான் எழுதுகிறேன்.

பழஞ்சுவடி:

அருமையான பழக்கம். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. ஈற்றில் எது நெடில் என்று அகராதி சொல்லாது. சொல்லின் அடி அங்கே கிடைக்கும், ஈற்று நெடிலை இது அப்லேட்டிவ் என்று முடிவு செய்த பின்னர்தான் நீங்கள் போடுகிறீர்கள். அதாவது நெடில் உங்கள் முடிவைப் பதிவு செய்கிறது, முடிவு எடுக்க உதவுவதில்லை. அதோடு பீலீஸ் மிஸ்ஸீஸ் போன்ற பன்மையில் நான்காம் வேற்றுமைக்கும் அப்லேட்டிவுக்கும் ஒரே வடிவம். நெடிலும் பிரித்துக் காட்டாது.

வாக்கியத்தில் பார்க்க வேண்டியது வேறு. ஃபேகேருந்த் பன்மை, அதற்கு இம்பெதும் என்று செயப்படுபொருள் ஏற்கனவே இருக்கிறது. எழுவாய் முந்தைய வாக்கியத்தின் வீரர்களே. எயா என்ற சுட்டு முந்தைய வாக்கியத்தில் எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். கடைசியில் வந்த பெண்பாற்பெயர் ஃபலங்க்ஸ், அதாவது அந்த அணி. ஆகவே "அது சிதற". ஒரு பெயரும் எச்சமும் முன்னிடைச்சொல் ஏதும் இல்லாமல் நிற்கின்றன, முதன்மை வினையும் அவற்றைக் கேட்கவில்லை என்றால்தான் தனித்தொடர் என்று கொள்ள வேண்டும். "இன்" என்ற இடைச்சொல்லுக்குப் பின்னால் "உர்பெ கப்தா" வந்தால், அது கைப்பற்றிய நகரத்துக்குள் என்ற இடப்பொருள் மட்டுமே. நீங்கள் முதலில் சொன்ன "சேர்ந்து வந்தாலே" என்ற விதி அங்கே ஏமாற்றும்.

எச்சவியல்:

எயா திஸ்யெக்தா பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. "அதைச் சிதறடித்து" என்று நிலவொளி எழுதியது இலக்கணப்படி சரியே. ஆனால் தமிழில் பிறவினை, தன்வினை என்ற இணை இருக்கிறது: சிதறடித்தல், சிதறுதல். "அணி சிதறியதும், வாளை உருவிப் பாய்ந்தனர்" என்று எழுதினால், செய்தவரைச் சொல்லாமல் விடுவதும் நிறைவேறும், "-ப்பட்டு" என்பதும் வராது. ஈட்டி எறிந்து அணியைப் பிளந்தனர் என்று முன் வாக்கியமே சொல்லிவிட்டதால், மறுபடியும் "சிதறடித்து" என்பது அதே வேலையை இரண்டு முறை செய்வது போல ஆகிறது.

பழஞ்சுவடி:

இது ரசனை சார்ந்தது. நான் "சிதறடித்து" பக்கம் நிற்கிறேன். இந்த வேகமான அடுக்கில் வீரர்களின் கை ஓயாமல் இருப்பதாகவே எனக்குக் கேட்கிறது. ஆனால் உங்கள் வழி தவிர்க்க முடியாததாகும் இடம் அதே இயலில் சற்றுக் கீழே வருகிறது. ஓர் ஈட்டி எறிந்தால் நெருக்கமாகப் பிடித்த பல கேடயங்களைத் துளைத்து ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. இரும்பு முனை வளைந்துபோவதால் பிடுங்க முடியவில்லை. அப்போது சினிஸ்த்ரா இம்பெதீதா, அதாவது இடக்கை தடைப்பட்ட நிலையில், ஹெல்வேத்தியரால் வசதியாகப் போரிட முடியவில்லை. தடுத்தது ஈட்டியா, கேடயமா, ரோமர்களா என்று சீசர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. "இடக்கையைத் தடுத்து" என்று எழுதினால் அவர்களே தங்கள் கையைத் தடுத்துக்கொண்டதாகிவிடும். "இடக்கை சிக்கிக்கொண்டதால்" என்பதே எனக்குப் பிடித்தது. உடனே தொடர்ந்து தியூ யக்தாதோ ப்ரக்கியோ, "நெடுநேரம் கையை உதறிப் பார்த்துவிட்டு" என்று வருகிறது. அதில் உதறியவர் அவர்களே என்பதால் "செய்து" சரி. இரண்டும் உறுப்புகளைப் பற்றியவை, இரண்டுக்கும் ஒரே வடிவம், ஆனால் தமிழில் இரண்டு வழி.

எச்சவியல்:

சினிஸ்த்ரா இம்பெதீதாவுக்குத் "தால்" கூட வேண்டியதில்லை, ஐயா. உறுப்பின் வினை, உறுப்பையுடையவரின் வினையைக் கொண்டு முடிவது தமிழில் வழு அன்று: "கால் இற்று வீழ்ந்தான்". இற்றது கால், வீழ்ந்தவன் அவன். அதுபோல "இடக்கை சிக்கி, வசதியாகப் போரிட இயலாதவர் ஆயினர்" என்று செய்தென் எச்சத்தாலேயே முடிக்கலாம்.

பழஞ்சுவடி:

இத்தனை ஆண்டுகள் கற்பித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. லத்தீனின் சுருக்கம் கெடாமல் வருகிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

கூடல்வாணன்:

எச்சமே இல்லாமல் வரும் தனித்தொடர்களையும் சொல்லிவிடுங்கள். இரண்டாம் இயலில் ஓர்கெதோரிக்ஸ் சூழ்ச்சி செய்த இடத்தில், மெஸ்ஸாலா, பீசோ என்ற இரு பெயர்களும் கோன்சுலிபுஸ் என்ற சொல்லும் மட்டும் நிற்கின்றன, எச்சத்தைக் காணவில்லை.

பழஞ்சுவடி:

"இரு" என்ற வினைக்கு லத்தீனில் நிகழ்கால எச்சம் வழக்கில் இல்லை. அதனால் பெயரையும் பதவியையும் அருகருகே வைத்து அமைந்துவிடுகிறது. "மெஸ்ஸாலாவும் பீசோவும் கான்சல்களாக இருந்த ஆண்டில்" என்று விரித்து எழுதுங்கள். ரோமர் ஆண்டைக் குறிக்கும் முறை அதுவே, அது கி.மு. 61. அதே வாக்கியத்தில் ரேக்னீ குபிதிதாதெ இந்துக்துஸ் என்று வருகிறது. இந்துக்துஸ் எழுவாயோடு ஒட்டுவதால் அது தனித்தொடர் அன்று. அதன் பக்கத்திலுள்ள அப்லேட்டிவ் காரணத்தைச் சொல்கிறது. அங்கே உண்மையிலேயே "ஆல்" வரும்: "அரசாளும் ஆசையால் தூண்டப்பட்டு". "ஆசை உந்த" என்றாலும் நன்று.

நிலவொளி:

எல்லாவற்றையும் வைத்து முதல் வாக்கியத்தைத் திரும்ப எழுதினேன்: "ஆபத்தை எல்லார்க்கும் பொதுவாக்கி, தப்பியோடலாம் என்ற நம்பிக்கையைப் போக்கும் பொருட்டு, சீசர் முதலில் தம் குதிரையையும் பின்னர் எல்லாருடைய குதிரைகளையும் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அனுப்பிவிட்டு, தம் வீரர்களை ஊக்குவித்துப் போரைத் தொடங்கினார்." ஐக்வாதோ பெரீகுலோ என்பது "உத்" என்ற நோக்கத் தொடருக்குள் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன், முன்பு அதை வெளியே இழுத்து நடந்து முடிந்த செயலாக்கிவிட்டேன். "அகற்றி" என்பதை "அனுப்பிவிட்டு" என்று மாற்றியதற்குக் காரணம், அவரே கடிவாளத்தைப் பிடித்து இழுத்துச் சென்றிருக்க மாட்டார் என்பதுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தனித்தொடரின் பெயர் முதன்மை வாக்கியத்தில் வரக் கூடாது என்று பாடநூல் சொல்கிறது. ஏழாம் நூலின் நான்காம் இயலில் வெர்கிங்கெதோரிக்ஸ், கொன்வொகாதீஸ் சுவீஸ் க்லியெந்திபுஸ் ஃபகிலெ இன்கெந்தித் என்று வருகிறது. அழைக்கப்பட்டவர்களும் தூண்டிவிடப்பட்டவர்களும் அதே ஆட்கள்தானே? அப்படியானால் சீசர் "அழைக்கப்பட்டவர்களைத் தூண்டினார்" என்று செயப்படுபொருள் வேற்றுமையிலேயே எழுதியிருக்கலாமே?

பழஞ்சுவடி:

எழுதியிருக்கலாம், விதியும் அதைத்தான் கேட்கிறது. அவர் அப்படி எழுதவில்லை. அழைத்தது ஒரு கட்டம், தூண்டியது இன்னொரு கட்டம் என்று பிரித்துக் காட்ட விரும்பினார் என்பது என் விளக்கம். இது என் காதுக்குக் கேட்பது மட்டுமே, நிறுவ முடியாது. தமிழில் "தம் ஆட்களை அழைத்து, எளிதில் தூண்டிவிட்டான்" என்று எழுதினால் இந்தச் சிக்கலின் சுவடே இருக்காது.

எச்சவியல்:

சுவடு இல்லாமல் போவது நல்லதுதானா என்பதே என் கேள்வி. நிலவொளி, அந்த வரிக்கு அடிக்குறிப்பு போடுவீர்களா?

நிலவொளி:

எங்கள் குழுவில் இருவர் போட வேண்டும் என்கிறார்கள், இருவர் வேண்டாம் என்கிறார்கள். ஏழாம் நூலை எட்டும்போது இங்கே வந்து சொல்கிறேன்.